சிறைக்குள் முதல் மூன்று நாள்: மனநலச் சோதனை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மனநலச் சமூகப் பணியாளர். சிறைக்குள் புதிதாக வருகிறவர்களிடம் பேசுவதுதான் பல வருடம் என் வேலையாக இருந்தது. கடலூர் கேப்பர் மலைச் சிறையிலும் புதுச்சேரி காலாப்பட்டுச் சிறையிலும் மனு பார்க்க, அதாவது உள்ளே இருப்பவரைச் சந்திக்க, வரும் வீட்டார், புதிதாக வேலைக்குச் சேர்ந்த காவலர்கள், இளம் வக்கீல்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. இதில் நான் சொல்லும் ஒரு கதை பலருடைய கதையைச் சேர்த்து ஒன்றாக்கியது. தனி ஒருவரை யாரும் அடையாளம் காண முடியாதபடி வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறேன்.

"உள்ளே போன அன்னிக்கு மனசைப் பத்தி என்னதான் கேப்பாங்க?"

ரிமாண்ட் ஆணையைச் சரிபார்த்து, உடைமைகளை எழுதி வாங்கி, அடையாளக் குறிகளைப் பதிந்த பிறகு சிறை மருத்துவர் பார்ப்பார். காயம், சர்க்கரை, காசநோய் என்று உடம்பைப் பற்றிக் கேட்பதோடு மனதைப் பற்றியும் கேட்கவேண்டும். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் 2018-இல் வந்த விதிகள், சிறைக்குள் நுழையும் எல்லோரையும் அந்த நேரத்திலேயே மனநிலைப் பரிசோதனை செய்யவேண்டும், போதைப் பழக்கம் பற்றியும் கேட்கவேண்டும் என்கின்றன. சந்தேகப்படுகிறவர்களை மட்டும் பார்த்தால் போதாது.

கேட்பது பெரிய விசாரணை இல்லை. சாகவேண்டும் என்ற எண்ணம் இப்போது இருக்கிறதா, முன்னால் முயன்றதுண்டா? மனநல மருத்துவம் பார்த்ததுண்டா, என்ன மாத்திரை, கடைசியாக எப்போது போட்டது? கடைசியாக எப்போது குடித்தது, எவ்வளவு? யாரும் இல்லாதபோது குரல் கேட்கிறதா? சிறைக்கு வருவது இதுதான் முதல் தடவையா? என் அனுபவத்தில் இந்த ஐந்தும் ஒழுங்காகக் கேட்கப்பட்டாலே பாதி ஆபத்து விலகிவிடும்.

இதை ஒரு சல்லடை என்று நினைத்துக்கொள்ளுங்கள். இதில் யாருக்கும் நோய்ப் பெயர் சூட்டுவதில்லை. மேலும் விரிவாகப் பார்க்கவேண்டியவர் யார் என்று பிரிப்பது மட்டும்தான் நடக்கும். அந்தச் சல்லடையில் பெரிய ஓட்டையும் உண்டு. வருகிறவர் இரண்டு நாள் தூங்காமல், பசியோடு, சிலர் போதை முழுதும் இறங்காமலேயே வந்து நிற்பார்கள். அந்த நேரத்துப் பதிலை மட்டும் நம்பக்கூடாது. அதனால்தான் மூன்றாம் நாள் ஒருமுறையும் முதல் வாரம் முடியும்போது ஒருமுறையும் திரும்பக் கேட்கவேண்டும் என்று நான் விடாமல் சொல்லிவந்தேன்.

"எங்க வீட்டுக்காரரு தினம் குடிக்கிறவரு. மூணாம் நாளு பைத்தியம் புடிச்ச மாதிரி ஆயிட்டாராம். ஜெயிலுக்குப் போனதால வந்ததா?"

இல்லைம்மா. குடி திடீரென்று நின்றதால் வந்தது. நம் பக்கத்தில் இந்தக் கேள்வி அதிகம் வரும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு கொத்தனார். வயது நாற்பதுக்குள். பத்து வருடமாகத் தினமும் இரண்டு குவாட்டர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குக் குடித்ததுதான் கடைசி. அன்றிரவு அடிதடியில் கைது. சனிக்கிழமை மாலை நீதிபதி முன் நிறுத்தி, இரவு எட்டு மணிக்குச் சிறைவாசல். சோதனைத் தாளில் "குடிப்பழக்கம் உண்டா" என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதியிருந்தது. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று பிறகு கேட்டேன். "கூட்டிட்டு வந்த போலீசு பக்கத்துலயே நின்னாரு மேடம். குடிச்சேன்னு சொன்னா கேஸுல சேத்துடுவாங்கன்னு பயந்தேன்" என்றார்.

ஞாயிறு காலை கை நடுங்கியது, வியர்த்தது, சாப்பாடு இறங்கவில்லை. புது ஆள், பயந்திருக்கிறான் என்று விட்டுவிட்டார்கள். ஞாயிறு இரவு தூக்கமே இல்லை. திங்கள் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்து, கையில் கரணை பிடித்திருப்பதுபோல் சுவரில் பூச ஆரம்பித்தார். "சித்தாள், கலவை கொண்டா" என்று இருட்டைப் பார்த்து அதட்டினார். சுவரில் கட்டெறும்பு ஊறுகிறது என்று தட்டிவிட்டார். நடிக்கிறான் என்றார் ஒரு காவலர். பேய் பிடித்திருக்கிறது என்றார் பக்கத்துப் பாயில் படுத்திருந்தவர். ஆனால் அவரேதான் ஓடிப்போய், "ஐயா, ஒடம்பு அனலா கொதிக்குது" என்று சொல்லி ஆள் கூட்டிவந்தார். அந்த மனிதரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அந்த உயிர் பிழைத்தது அவரால்தான்.

மருத்துவர் வந்து பார்த்தபோது நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டியிருந்தது. இன்று என்ன கிழமை, இது எந்த இடம் என்று கேட்டதற்கு "கட்டடத்துல நிக்கிறேன்" என்றார். இங்கேதான் பிரித்துப் பார்க்கத் தெரியவேண்டும். மனநோயில் குரல் கேட்கிறவருக்குப் பெரும்பாலும் நாளும் இடமும் தெரியும், நாடி ஓரளவு சரியாக இருக்கும், காதில் கேட்பதுதான் அதிகம். குடி நின்றதால் வரும் குழப்பத்தில் இடமும் நேரமும் மறந்துபோகும், கண்ணில் பூச்சியும் பாம்பும் தெரியும், வியர்வையும் நடுக்கமும் இருக்கும், இரவில் முற்றும், பகலில் கொஞ்சம் தெளியும். இது மருத்துவ அவசரநிலை. கவனிக்காவிட்டால் உயிர் போகும்.

கணக்கும் ஏறக்குறைய பிடிபடும். கடைசியாகக் குடித்ததிலிருந்து ஆறு மணி நேரத்திலேயே நடுக்கம் தொடங்கலாம். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இந்தக் குழப்பம் 48-லிருந்து 96 மணி நேரத்துக்குள் வரும். கைது, ஸ்டேஷன், கோர்ட்டு என்று முதல் நாள் போய்விடுவதால் ஆபத்தான நேரம் சரியாகச் சிறைக்குள் விழுகிறது.

அவரைக் காவலோடு அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். முதலில் தயமின் என்ற வைட்டமின் ஊசி, அதன் பிறகுதான் குளுக்கோஸ். பட்டினியாய்க் கிடந்த குடிகாரருக்குத் தயமின் இல்லாமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். நடுக்கத்தை அடக்க லோரஸிபாம். ஐந்தாம் நாள் தெளிந்து திரும்பி வந்தார். கலவை கேட்டது எதுவும் அவருக்கு நினைவில்லை.

இதையெல்லாம் சனிக்கிழமை இரவே தடுத்திருக்கலாம். "குடிப்பீங்களா" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். போலீசாரைக் காதுக்கு எட்டாத தூரத்தில் நிற்கச் சொல்லிவிட்டு, "கை நடுக்கமும் வலிப்பும் வராம மருந்து குடுக்கத்தான் கேக்குறேன், கேஸுக்கு இல்ல. கடைசியா எப்போ குடிச்சீங்க, எவ்வளவு?" என்று கேட்டிருந்தால் உண்மை வந்திருக்கும். இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொல்லிப் பார்க்க அரை நிமிடம் ஆகாது. வாய் பொய் சொன்னாலும் விரல் சொல்லிவிடும்.

"எம் பையனுக்கு ஜிப்மர்ல வைத்தியம் நடக்குது. உள்ள மாத்திரை குடுக்க விடமாட்டேங்குறாங்க. நான் என்ன செய்யறது?"

வெளியிலிருந்து வரும் மாத்திரையை அப்படியே கைதி கையில் கொடுக்க மாட்டார்கள். அது சரியான விதிதான். சேர்த்துவைத்து மொத்தமாக விழுங்கியவர்கள் உண்டு. நீங்கள் கொண்டுபோக வேண்டியது மருத்துவச் சீட்டை. ஜிப்மர் சீட்டு, கடைசியாக எழுதிய மருந்தும் அளவும், மாத்திரை அட்டை ஒன்று. இவற்றின் நகலைச் சிறை மருத்துவருக்கு என்று ஒரு கடிதத்தோடு வாசலில் கொடுங்கள். கடிதத்தில் கடைசியாக மாத்திரை போட்ட நாளையும் நேரத்தையும் எழுதுங்கள்.

அந்த நேரம் ஏன் முக்கியம் என்றால், குளோசபின் என்ற மாத்திரை 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவிலேயே திரும்பத் தொடங்கக்கூடாது. மறுபடி 12.5 மில்லிகிராமிலிருந்துதான் ஏற்றிக்கொண்டு வரவேண்டும். இல்லையென்றால் ரத்த அழுத்தம் விழுந்து மயங்கிவிடலாம். வெள்ளி இரவு கைதானவருக்கு ஞாயிறு இரவோடு அந்தக் கெடு முடிந்துவிடும். வலிப்புக்கும் மனநிலைக்கும் கொடுக்கும் வால்ப்ரோயேட்டைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும்.

கடலூர்க்காரர்கள் பலர் வைத்தியத்துக்குப் புதுச்சேரி போகிறவர்கள், பாகூர் பக்கத்தவர் கடலூரில் கைதாவதும் உண்டு. எல்லையைத் தாண்டிய சிறைக்கு உங்கள் மருத்துவச் சீட்டு தானாக வந்து சேரும் என்று காத்திருக்காதீர்கள். வீட்டு டப்பாவில் கிடக்கும் அந்தச் சீட்டுதான் பல சமயம் ஒரே ஆதாரம். மனு பார்க்கும் நாள் வரை பொறுக்காமல் மறுநாளே கொடுங்கள்.

"சாகணும்னு தோணுதுன்னு சொன்னா தனி செல்லுல போட்டுருவாங்களாமே? அதனாலயே தம்பி வாயத் தொறக்க மாட்டேங்குறான்."

அப்படிப் போடுவது தவறு. மனநோய் உள்ளவரைத் தனிமைச் சிறையில் அடைக்கக்கூடாது என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 97-ஆம் பிரிவு சொல்கிறது. சட்டத்தை விட்டுவிட்டு யோசித்தாலும், சாக நினைக்கிறவரைத் தனியாக அடைத்துவைப்பது அவருக்கு நேரமும் இடமும் ஒதுக்கிக்கொடுப்பதுதான். செய்யவேண்டியது நேர்மாறானது. நாலு பேர் இருக்கும் இடத்தில், நம்பிக்கையான மூத்த சிறைவாசி ஒருவர் பக்கத்தில் படுக்கவைத்து, துண்டு, நாடா, பிளேடு எட்டாமல் பார்த்து, காவலர் நேரம் தவறாமல் வந்துபோகவேண்டும். ஜாமீன் மனு தள்ளுபடியான நாள், மனைவி வராமல் போன மனு நாள், தீர்ப்பு நாள், இந்த மூன்று ராத்திரிகளிலும் கூடுதல் கவனம் வேண்டும்.

முன்பு ஒருமுறை முயன்றதைச் சொன்னால் அதற்கு வேறு வழக்கு வரும் என்று பயப்படுகிறவர்களும் உண்டு. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதவேண்டும், தண்டிக்கக்கூடாது என்று அதே சட்டத்தின் 115-ஆம் பிரிவு சொல்கிறது. தம்பியிடம் தைரியமாகச் சொல்லச் சொல்லுங்கள்.

"நான் புதுசா சேர்ந்த காவலர். ஒரு சிறைவாசி எங்கிட்ட அழுது, 'யார்கிட்டயும் சொல்லாதண்ணே, நான் இருக்கமாட்டேன்'னாரு. சொல்லவா வேணாமா?"

சொல்லியே ஆகவேண்டும் தம்பி, அன்றைக்கே, ஷிப்ட் முடியும் முன்பே. ஆனால் சொல்லும் விதம் இருக்கிறது. முதலில் அவரிடமே, "இதை மட்டும் என்னால மறைக்க முடியாதுண்ணே, டாக்டர்கிட்ட சொல்லப்போறேன், நானும் கூட வர்றேன்" என்று சொல்லுங்கள். முதுகுக்குப் பின்னால் சொன்னால் அடுத்த தடவை அவர் யாரிடமும் வாய் திறக்கமாட்டார். பிறகு மருத்துவரிடமும் பணியில் இருக்கும் அதிகாரியிடமும் சொல்லி, நேரத்தோடு எழுதிவையுங்கள். அவர் ஏன் அழுதார், வீட்டில் யாருக்கும் யாருக்கும் என்ன சண்டை என்பதையெல்லாம் காவல் பணியைப் பதியும் பாரா புத்தகத்தில் எழுதவேண்டாம். "உயிருக்கு ஆபத்து, தனியாக விடவேண்டாம், மருத்துவரிடம் தெரிவிக்கப்பட்டது" என்பதே போதும்.

உயிருக்கு ஆபத்து என்றால் ரகசியத்தைத் திறக்கலாம் என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு சொல்கிறது. இன்னொருவரைத் தாக்கப்போகிறார் என்றாலும் திறக்கலாம், ஆனால் அந்தத் தீங்கைத் தடுக்க எவ்வளவு தேவையோ அவ்வளவுதான். கதவைக் கொஞ்சம் திறக்கலாம், மொத்தமாகத் திறந்துபோடக்கூடாது. அந்தக் கொத்தனார் விஷயத்தில் காவலர்களுக்குச் சொன்னது நான்கே விஷயம்: தனியாக விடாதீர்கள், மாத்திரையை உங்கள் முன்னால் விழுங்கவையுங்கள், நடுக்கமோ உளறலோ வந்தால் எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள், உயரத்தில் வேலை கொடுக்காதீர்கள். தெளிந்த பிறகு அவர் என்னிடம் மகன் இறந்ததைப் பற்றிப் பேசினார். அதன் பிறகுதான் குடி அதிகமானது. அது காவலர்களுக்குத் தெரியவேண்டியதில்லை, தெரியவும் இல்லை.

"டாக்டர்கிட்ட சொன்னதெல்லாம் போலீசுக்கும் கோர்ட்டுக்கும் போகுமா?"

போலீசார் வந்து கேட்டார்கள் என்பதற்காகக் கொடுக்கக்கூடாது. ஆனால் நீதிமன்றம் கேட்டால் நிலைமை வேறு. வக்கீலிடம் பேசியதற்கு நம் சாட்சியச் சட்டத்தில் இருக்கும் பாதுகாப்பு மருத்துவரிடம் பேசியதற்கு இல்லை. இதை நான் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவேன்: "உங்க ஒடம்பு, தூக்கம், பயம், குடி எல்லாம் எங்கிட்ட சொல்லுங்க. அன்னிக்கு என்ன நடந்துச்சுங்கறத உங்க வக்கீல்கிட்ட சொல்லுங்க. எனக்கு அது தேவையில்ல." சோதனைக்கு வழக்கு விவரம் உண்மையிலேயே தேவையில்லை. தாளில் அதற்கு இடம் விட்டிருந்தாலும் நான் எழுதமாட்டேன்.

இன்னொரு எல்லையும் உண்டு. குழந்தை மீது பாலியல் குற்றம் நடந்தது தெரியவந்தால் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி யாராக இருந்தாலும் தெரிவித்தே ஆகவேண்டும். இதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் நேர்மை. எல்லாவற்றையும் ரகசியமாக வைப்பேன் என்று வாக்குக் கொடுத்துப் பேசவைத்துவிட்டுப் பிறகு கைவிடுவது மன்னிக்க முடியாதது.

"நான் கட்டின பொண்டாட்டி. எனக்கே சொல்லமாட்டேங்குறாங்களே?"

உங்கள் கோபம் புரிகிறதும்மா. அவர் சம்மதித்தால் சொல்லலாம். இன்னும் உறுதியான வழி, அவர் உங்களைத் தன் நியமனப் பிரதிநிதியாக எழுதிக்கொடுப்பது. வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ போட்டால் போதும், முத்திரைத்தாள் தேவையில்லை. பிறகு கவனிப்புக்கு வேண்டியதை உங்களுக்குச் சொல்வது மருத்துவர் கடமை. ஆனால் உங்களிடம் சொல்லவேண்டாம் என்று அவர் கேட்டால் அதையும் மதிக்கத்தான் வேண்டும். அப்போதும் நீங்கள் எங்களிடம் சொல்வதற்குத் தடையே இல்லை. "போன வருஷம் பூச்சி மருந்து குடிச்சாரு" என்று ஒரு மனைவி வாசலில் சொன்ன ஒரு வரி எனக்கு எத்தனையோ முறை உதவியிருக்கிறது.

"மனநோய்னு தெரிஞ்சா உள்ளயே வெச்சிருப்பாங்களா, கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்புவாங்களா?"

பெரும்பாலானவர்களுக்கு எங்கும் போகவேண்டியதில்லை. தூக்கமின்மை, பயம், மனச்சோர்வு என்றால் சிறை மருத்துவரும் ஆலோசகரும், தேவைப்பட்டால் மனநல மருத்துவரும் உள்ளேயே பார்ப்பார்கள். வலிப்பு, குழப்பம், மாத்திரை விழுங்கியது, சாப்பாடு தண்ணீர் இல்லாமல் கிடப்பது என்றால் காத்திருக்காமல் பக்கத்து அரசு மருத்துவமனை. காவலுக்கு ஆள் இல்லை என்று இங்கேதான் தாமதமாகும். "நாளைக்குக் காலையில கார்டு கிடைக்கும்" என்ற பதில் வந்தால், மருத்துவர் "அவசரம்" என்று எழுத்தில் கொடுக்கவேண்டும். வாய்ச்சொல் அந்த இடத்தில் எடுபடாது.

மூன்றாவது வழி, நீண்ட நாள் கவனிப்பு வேண்டிய கடும் மனநோய். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 103-ஆம் பிரிவுப்படி சிறை மருத்துவப் பிரிவில் மனநல வார்டு இருந்தால் அங்கே மாற்றலாம். இல்லாவிட்டால் மனநல மறுஆய்வு வாரியத்தின் முன்அனுமதியோடு வெளியே மனநல நிலையத்துக்கு மாற்றலாம். கீழ்ப்பாக்கம் என்பது இந்த வழியில்தான் வருகிறது. சிறைக்குள் மனநோயாளிகள் இல்லை என்று சிறை மருத்துவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாரியத்துக்குச் சான்றளிக்கவேண்டும் என்பதும் அதே பிரிவில்தான். இருந்தால் ஏன் இன்னும் மாற்றவில்லை என்று வாரியம் கேட்கலாம். வீட்டார் எழுத்தில் கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை 15100-இல் கூப்பிடுங்கள். காவலில் இருப்பவருக்கு அங்கே வக்கீல் இலவசம்.

"மனநோய்னு எழுதிட்டா கேஸ் நிக்காதுல்ல?"

நிற்கும். வாசல் சோதனைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. குற்றம் நடந்த நேரத்தில் அவர் மனநிலை என்ன, இப்போது வழக்கைப் புரிந்துகொள்ள முடிகிறதா என்பவை நீதிமன்றம் தனியாக விசாரித்து முடிவு செய்பவை. சோதனையில் நடிக்கச் சொல்லித் தயவுசெய்து அனுப்பாதீர்கள். தேவையில்லாத மருந்து ஏறும், உண்மையான நோயாளிக்குக் கிடைக்கவேண்டிய நேரம் போகும்.

"ஜாமீன் வந்துருச்சு, இன்னிக்கு சாயங்காலமே விடுறாங்க. மருந்து?"

ஆணை மாலை வந்து, ஆறு மணிக்கு ஆள் வெளியே வந்து, மருந்தும் சீட்டும் உள்ளேயே கிடப்பது வாடிக்கை. வக்கீல் ஜாமீன் மனு போடும் நாளிலேயே சிறை மருத்துவரிடம் சொல்லிவையுங்கள். வெளியே வரும்போது மருத்துவச் சுருக்கம் ஒரு தாள், அடுத்த ஒரு வாரத்துக்கு மாத்திரை, எந்த அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் என்றைக்குப் போகவேண்டும் என்ற குறிப்பு ஆகிய மூன்றும் கையில் இருக்கவேண்டும். மருத்துவக் குறிப்பைப் பெறுவது அவர் உரிமை, மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு. இடைப்பட்ட இரவில் நிலைமை மோசமானால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

அந்தக் கொத்தனார் வெளியே வந்த அன்று மாலை பேருந்துக்காக நின்ற இடத்துக்கு எதிரிலேயே மதுக்கடை. மனைவி கையில் மாத்திரைக் கவரும் சீட்டும் இருந்தன. திங்கட்கிழமை புறநோயாளிச் சீட்டு வாங்கிவிட்டோம் என்று அவரே எனக்குப் போன் செய்து சொன்னார்.